7 > 5 > 3 என்ற கேள்விக்கு நான் எழுதிய விடை

கடலூரில் ஒரு கல்லூரியில் நான் கம்ப்யூட்டர் வாத்தியார். வீடு சிதம்பரம். பதினான்கு வருஷம் சி மொழி நடத்தினேன். பாடத்திட்டத்தில் பைத்தான் வந்தபோது, பழைய கேள்வித் தொகுப்பையே எடுத்து அங்கங்கே திருத்திக்கொண்டேன். புது மொழி ஒன்றும் என்னை மிரட்டிவிடாது என்ற திமிர்தான்.

அதில் ஒரு கேள்வி: 7 > 5 > 3 என்று கொடுத்தால் என்ன விடை வரும்? சி மொழி இடமிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கும். 7 > 5 சரி என்பதால் அதை 1 ஆக்கிவிடும். பிறகு 1 > 3 தவறு, ஆகவே விடை 0. நான் அந்த 0-ஐ அடித்துவிட்டு 'ஃபால்ஸ்' என்று எழுதினேன். மொழி மாற்றியாகிவிட்டது என்று நினைத்தேன்.

பைத்தான் அப்படிப் பார்ப்பதில்லை. ஏழு ஐந்தைவிடப் பெரியதா, ஐந்து மூன்றைவிடப் பெரியதா, இரண்டும் உண்மையா என்று பார்க்கும். விடை 'ட்ரூ'. வகுப்பில் நான் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டியது 3 < 5 < 7. அதற்கு இரண்டு மொழியிலும் உண்மை என்றே வரும். அதனால் என் தப்பு எனக்கே தெரியாமல் வருஷக்கணக்கில் நன்றாகவே வாழ்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு மாணவி தன் அம்மாவோடு வீட்டுக்கு வந்தாள். கடைசி வருஷம் முடித்தவள். சென்னையில் வேலை கிடைத்திருந்தது. அரியர் ஒன்றுகூட இல்லாமல் மூன்று வாரத்தில் போய்ச் சேர வேண்டும். இருந்த ஒரே அரியர் என் பைத்தான் பேப்பர். ஐம்பது எடுத்தால் பாஸ். அவள் எடுத்தது நாற்பத்தெட்டு.

விடைத்தாளின் நகலை என் முன்னால் வைத்தாள். 2 + 3 * 2 ** 2 என்ற கேள்விக்கு, முதலில் அடுக்கு, அடுத்து பெருக்கல், கடைசியில் கூட்டல் என்று படிப்படியாகப் போட்டு 14 எழுதியிருந்தாள். முழு மார்க். அடுத்தது அந்த ஏழு-ஐந்து-மூன்று கேள்வி. அதற்கு 'ட்ரூ'. அதன் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. அந்தக் கேள்விக்கு இரண்டு மார்க்.

"ஆன்சர் கீயில தப்பா இருக்கு சார். பரீட்சைக்கு முன்னாடியே லேப்ல ஓட்டிப் பாத்துதான் எழுதுனேன். ஒரு தடவ நீங்களும் ஓட்டிப் பாருங்க சார்."

"எம்பொண்ணு பொய் சொல்லமாட்டா சார்," என்றார் அம்மா.

லேப்டாப்பைத் திறந்து அடித்தேன். 'ட்ரூ' என்று வந்தது. எண்களை மாற்றி 9 > 8 > 6 போட்டேன். அதுவும் 'ட்ரூ'. அந்த விடைக்குறிப்பின் அடியில் இருந்தது என் கையெழுத்து. நான் சொன்னதை நம்பி 'ஃபால்ஸ்' எழுதிய பிள்ளைகளெல்லாம் பாஸாகியிருந்தார்கள். நம்பாமல் ஓட்டிப் பார்த்தவள் ஃபெயில்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ஆள் நான்.

"ரீவேல்யூவேஷன் போடும்மா. அவுங்க பாத்துக்குவாங்க," என்றேன்.

மறுபடி திருத்துகிறவர் கையிலும் அதே விடைக்குறிப்புதான் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். தப்பு என்னுடையது என்று தேர்வுப் பிரிவுக்கு ஒரு கடிதம் கொடுத்தால் போதும். ஆனால் அந்த மாதம்தான் என் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதம். கடிதத்தை எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன். தினமும் அது என்னோடு சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் போய்த் திரும்பி வந்தது.

ரீவேல்யூவேஷன் முடிவு வந்தது: மாற்றம் இல்லை. அவள் சென்னைக்குப் போக வேண்டிய தேதியும் கடந்தது. என் ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள் கடிதத்தைக் கொடுத்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை. "விடுங்க சார், எல்லாருக்கும் நடக்கறதுதான்," என்றார் துறைத்தலைவர். 'ட்ரூ' எழுதியவர்களுக்கெல்லாம் இரண்டு மார்க் ஏறியது. அவளுக்கு ஐம்பது.

நானே போன் பண்ணினேன். அவள் பக்கம் பஸ் ஹாரன் சத்தம் கேட்டது.

"ஒனக்கு மார்க் மாத்திட்டாங்கம்மா. நீ பாஸ்."



"பாஸுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் சார்," என்றாள். "ஒங்களுக்கும் அன்னிக்கே தெரியும்ல?"

"மார்க் ஷீட்ட ஆபீஸ்ல வந்து வாங்கிக்கம்மா," என்றேன். "சரி சார், வெச்சிடறேன்," என்றாள்.