றாபியாவின் பதினோராம் பிரிவு

எங்கள் அலுவலகத்தில் நான் தட்டச்சு செய்த உடன்படிக்கைகளில் வாசித்துச் சிரித்தது ஒன்றே ஒன்றுதான். அதில் பாதியைச் சொன்னவர் றாபியா. மீதியைத் திருத்தியவர் நேசம்மா டீச்சர். சட்டத்தரணி இந்திரகுமார் நடுவில் இருந்து தலையைச் சொறிந்தார். நான் அவருடைய லிகிதர். பேசுகிற வேலை எனக்கு இல்லை.

றாபியாவுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. கணவர் மிளகு வியாபாரி, காலமாகி ஆறு வருடம். மகன்மார் இரண்டு பேரும் வெளிநாட்டில். மாத்தளைப் பக்கம் எந்த முஸ்லிம் வீட்டில் கல்யாணம் என்றாலும் சோறாக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். அடுப்பங்கரையில் அவர் யாரிடமும் சத்தம் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. வெங்காயம் தடிப்பாக வெட்டுபவரை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். வெங்காயம் மெல்லிசாகிவிடும்.

நேசம்மா டீச்சர் யாழ்ப்பாணத்துப் பூர்வீகம். அலுவிகாரையில் வீடு. முப்பத்திரண்டு வருடம் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் றாபியாவின் கத்தரிக்காய் மோஜுவை, அந்தப் புளிப்பும் இனிப்புமான பொரியலை, சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவாமலே அடுக்களைக்குப் போய், "பிள்ளை, கடை போடுவமே?" என்று கேட்டாராம். அந்த நேரம் அவர் கையில் ஓய்வூதியப் பணிக்கொடை இருந்தது. றாபியாவிடம் விற்கத் தயாராக வளையல்கள் இருந்தன.

மாத்தளை டவுனை ஒட்டி, ஏ-ஒன்பது பெருந்தெருவோரம் எட்டு மேசை போடுகிற ஒரு கடையை வாடகைக்குப் பேசினார்கள். வாய்ப்பேச்சில் தொடங்கிவிடலாம் என்று றாபியா நினைத்தார். ஆயிரம் ரூபாவுக்கு மேல் முதல் போட்ட பங்குடைமையை நீதிமன்றத்தில் நிரூபிக்க எழுத்தில் ஒப்பம் வேண்டும் என்று இந்திரகுமார் சொன்னதும், இரண்டு பேரும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்கள். இரண்டாயிரத்து இருபத்தொன்று ஜனவரி அது.

முதல் பிரிவு மூலதனம். டீச்சர் ஆறு லட்சம் காசாகப் போட்டார். றாபியா வளையல் விற்ற காசு மூன்றரை லட்சத்தோடு சட்டிகள், கேஸ் அடுப்புகள், பெரிய குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றையும் கொண்டுவந்தார். அவற்றுக்கு இரண்டரை லட்சம் என்று இருவரும் ஒத்துக்கொண்டு பட்டியல் போட்டுக் கையெழுத்து வைத்தார்கள். ஆக, ஆளுக்கு ஆறு.

எங்களிடம் இருந்த மாதிரிப் படிவத்தில் மூலதனத்துக்கு வருடம் இத்தனை வீதம் வட்டி என்று ஒரு வரி இருந்தது. றாபியா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அது தனக்கு வேண்டாம் என்றார். டீச்சர் விளக்கப் பார்த்தார்: இது கடன் வட்டி இல்லை, போட்ட காசுக்கு இலாபத்திலிருந்து முதலில் ஒரு பங்கு எடுப்பது. றாபியா தலையை ஆட்டிக் கேட்டார். பிறகும் வேண்டாம் என்றார். அந்த வரியை வெட்டினோம். இலாபமும் நட்டமும் பாதிக்குப் பாதி. அதற்கு முன்னால், சமைக்கிற றாபியாவுக்கு மாதச் சம்பளம், கடைச் செலவுக் கணக்கிலிருந்து. எழுதிவைக்காவிட்டால் பங்காளிக்குச் சம்பளம் கேட்க உரிமை கிடையாது என்பதால் அதைத் தனி வரியாகப் போட்டேன்.

கடமைகள் பிரிவில்தான் நான் சிரித்தது. சமையலறை றாபியாவின் பொறுப்பு. சாமான் வாங்குவது, காசுப்பெட்டி, கணக்கு டீச்சருக்கு. இருவரும் சம்மதிக்காமல் யாரையும் வேலைக்கு எடுக்கக்கூடாது. இவ்வளவோடு முடிந்திருக்க வேண்டும். றாபியா தொண்டையைச் செருமினார். நோன்பு மாதத்தில் தான் உப்புப் பார்க்க முடியாதே, அதை யார் செய்வது என்று கேட்டார். அதனால் உடன்படிக்கையில், ஒரு சட்டத்தரணியின் முத்திரையின் கீழ், இப்படி ஒரு வரி உண்டு: ரமழான் மாதத்தில் கறிகளின் உப்பும் உறைப்பும் பார்க்கும் கடமை நேசம்மாவுக்கு உரியது. அந்த வருட நோன்பில் பகல் சாப்பாடு சாப்பிட்ட ஆட்கள் கண்ணீர் விட்டார்கள். யாழ்ப்பாண நாக்குக்கு அது சும்மா உறைப்பு.

கடைசியாக, பிரிவதைப் பற்றிய பதினோராம் பிரிவு. ஒருவர் விலக நினைத்தால் பங்கின் பெறுமதியை யார் சொல்வது? மதிப்பீட்டாளரைக் கூப்பிடலாம் என்றார் இந்திரகுமார். அவருக்கும் காசு கட்ட வேண்டும் என்றார் டீச்சர். அப்போது றாபியா சொன்னார்:

"எங்கட வீட்டுல மகன்மார் ரெண்டு பேரும் வட்டிலப்பத்துக்குச் சண்ட புடிப்பாங்க. நான் கத்திய ஒருத்தன்ட்ட குடுப்பேன், அவன் வெட்டணும். மத்தவன் மொதல்ல எடுத்துக்கணும். பொறகு சண்ட இல்ல சேர்."

இந்திரகுமார் பேனையைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு எழுதச் சொன்னார். பிரிய நினைப்பவர், பாதிப் பங்குக்கு ஒரு விலையை எழுத்தில் அறிவிக்க வேண்டும். மற்றவருக்கு அறுபது நாள். அந்த விலைக்கு அறிவித்தவரின் பாதியை வாங்கலாம், அல்லது தன் பாதியை அதே விலைக்கு அவருக்கே விற்கலாம். பதில் சொல்லாவிட்டால் விற்கச் சம்மதம் என்றே கொள்ளப்படும். காசு ஒரே தடவையில். வெளியே போகிறவர் இரண்டு வருடத்துக்கு, மூன்று மைலுக்குள் சாப்பாட்டுக்கடை நடத்தக்கூடாது.

வாடகை ஒப்பந்தம் இருவர் பெயரிலும் ஆனது. பிரதேச செயலகத்தில் கடைப்பெயரையும் இருவர் பெயரில் பதிந்தார்கள்.

கடை ஓடியது. இரண்டாயிரத்து இருபத்திரண்டில் கேஸ் இல்லாமல் விறகில் சமைத்தார்கள். பெட்ரோல் இல்லாமல் டீச்சர் சந்தைக்கு நடந்து போனார். அந்தக் காலத்தையும் தாண்டியது. நீதிமன்றம், வங்கி, கல்வி அலுவலகம் எல்லாம் மத்தியானத்தில் அந்தப் பக்கம் சாய்ந்தன. நானும் சாய்ந்தேன். ஐந்நூறு ரூபாவுக்கு மீன், பருப்பு, இரண்டு மரக்கறி, ஒரு சம்பல். சாப்பாட்டுப் பொதியைப் பிரிக்கும்போது எழும்புகிற ஆவியைப் பற்றி ஒரு கவிதை எழுதலாமா என்று நினைத்ததுண்டு. பசி விடவில்லை.

போன வருடம் டீச்சரின் தங்கை மகன் ரஜீவன் சீகிரியாவில் ஹோட்டல் வேலையை விட்டுவிட்டு வந்தான். முப்பது வயது, நல்ல பிள்ளை, கையில் எப்போதும் ஒரு யோசனை. கோயில் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களுக்குப் பாஸ்தா போடலாம் என்றான். பெயர்ப்பலகையை ஆங்கிலத்தில் மாற்றலாம் என்றான். ஒரு நாள் சமையலறைக்குள் போய்க் கத்தரிக்காய் மோஜுவில் சீனி குறைவு என்றான். றாபியா அவனைப் பார்த்தார். அவனுக்கு அந்தப் பார்வை விளங்கவில்லை.

அவனை வேலைக்கு எடுக்க டீச்சர் கேட்டார். றாபியா சம்மதிக்கவில்லை. உடன்படிக்கையில் அதற்கு வழியும் இல்லை. டீச்சருக்குப் பிள்ளைகள் கிடையாது, அந்தப் பையன் கால் ஊன்றிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. பதினோராம் பிரிவைத் தூக்கி எடுத்தார்.

அறிவித்தல் கடிதம் எங்கள் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி வந்தது. பாதிப் பங்குக்கு ஆறு லட்சம். போட்டது ஆறு, எடுப்பது ஆறு, அதில் என்ன அநியாயம் என்று ரஜீவன் சொல்லியிருக்கிறான். றாபியாவிடம் அவ்வளவு காசு இல்லை, வட்டிக்கும் வாங்கமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் இப்போது விற்கப் போனால் கடையின் பாதி பத்து லட்சத்துக்கும் போகும். இருபத்தொன்றில் ஆறு லட்சத்துக்கு வாங்கியதை இன்றைக்கு ஆறு லட்சத்துக்கு வாங்க முடியுமா என்ன.

றாபியா கடிதத்தோடு வந்தார். இந்திரகுமார் அதை வாசித்துவிட்டு, தான் இரண்டு பேருக்கும் எழுதிக்கொடுத்தவன், ஒருவருக்கு எதிராக மற்றவருக்குப் புத்தி சொல்ல முடியாது, வேறு சட்டத்தரணியைப் பாருங்கள் என்றார். றாபியா எழுந்தார். பிறகு என் மேசைக்கு வந்து, பதினோராம் பிரிவை மட்டும் திரும்ப வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். மூன்று மைல் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"மூணு மைல்னா டவுனும் சேர்ந்துதானே தம்பி?"

ஆம் என்றேன். ஐம்பத்திரண்டு வயதில் ஊரைவிட்டு ஊர் போய் அடுப்பு மூட்ட வேண்டும், அல்லது இரண்டு வருடம் சும்மா இருக்க வேண்டும். அவர் முந்தானையின் ஓரத்தைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுப் போனார்.

அவரிடம் சேமிப்பாக இரண்டு லட்சம் இருந்தது. மீதி நாலு. நாற்பது நாள் எதுவும் நடக்கவில்லை. கடை வழமைபோல் நடந்தது. இரண்டு பேரும் உப்பு, தேங்காய், மீன் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள்.

நாற்பத்தோராம் நாள் றாபியா வங்கிக்குப் போனார், காசு கேட்க அல்ல. அங்கே வேலை செய்கிற பதினொரு பேரிடம், ஒரு மாத மத்தியானச் சாப்பாட்டை இப்போதே வாங்கிக்கொள்ளச் சொன்னார். இருபது பொதி, பத்தாயிரம் ரூபா. இன்ன திகதியிலிருந்து, இன்ன கறி, இன்ன விலை. தேங்காய் விலை ஏறினாலும் அவர் பாடு. அவருடைய கணவர் மிளகு வாங்கிய விதம் அதுதான்: கொடியில் காய் பச்சையாக இருக்கும்போதே நிறையும் நாளும் விலையும் பேசி, காசை முழுதாகக் கொடுத்துவிடுவார். வட்டி இல்லை, கடன் இல்லை, முன்கூட்டி நடந்த வியாபாரம். மிளகுக்குச் சரியென்றால் சோற்றுக்கும் சரி என்று மௌலவியிடமும் கேட்டுக்கொண்டாராம்.

கடை இருவருடையது என்பதால், தன் பங்குக்காகக் கடையின் சோற்றை விற்கக்கூடாது என்பதையும் யோசித்திருந்தார். பொதிகள் தொடங்குகிற அந்தத் திகதி, கடை கைமாறிய பிறகு வருகிற ஒரு திங்கட்கிழமை. கடை தன் கைக்கு வராவிட்டால் காசு முழுவதும் திரும்பும் என்று ஒவ்வொரு துண்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நீதிமன்றத்தில் ஒன்பது பேர், கல்வி அலுவலகத்தில் பதினான்கு, மருந்துக்கடைத் தெருவில் ஐந்து. கடைசியாக எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். சம்பளம் வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. நாற்பதாவது ஆள் நான்.

ஐம்பத்தாறாம் நாள் பதில் கடிதம் போனது: வாங்குகிறேன்.

கைமாற்றும் பத்திரம் எழுதிய இடம் வேறு அலுவலகம். சாட்சிக்கு ஆள் போதவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். பழைய கடன்கள் இனி றாபியாவின் பொறுப்பு, டீச்சருக்கு அவற்றால் வருகிற நட்டத்தை அவரே ஈடுசெய்ய வேண்டும். டீச்சர் விலகியதைப் பத்திரிகையில் போட வேண்டும், இல்லாவிட்டால் பழைய ஆட்கள் அவரையும் பங்காளி என்று நம்பிச் சாமான் கொடுப்பார்கள். பிரதேச செயலகத்திலும் பெயரை எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் டீச்சர் தாளுக்குத் தாள் வாசித்தார், ஒரு இடத்தில் கூட்டல் பிழை பிடித்தார். ரஜீவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். சீகிரியாவில் பழைய வேலை இன்னும் காலியாக இருக்கிறதாம்.

ஒப்பம் முடிந்ததும் தேத்தண்ணி வந்தது. காசு எங்கிருந்து வந்தது என்று டீச்சர் கேட்டார். றாபியா சொன்னார். டீச்சர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் ஏழு எண்டு எழுதியிருந்தா?"

"இன்னும் பத்துப் பேருக்கு ஆக்கியிருப்பேன் டீச்சர்."

"பத்து எண்டு எழுதியிருந்தா?"

றாபியா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"சலாம் சொல்லி வித்துட்டுப் போயிருப்பேன். அவ்வளவு சோறு என்னால ஆக்க ஏலாது."

டீச்சர் ரஜீவனைத் திரும்பிப் பார்த்தார். முப்பத்திரண்டு வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவர், பிழையான விடைக்குப் பக்கத்தில் கோடு போடும்போது இப்படித்தான் பார்த்திருப்பார் என்று எனக்குப் பட்டது.

மீன்காரன் பதினொரு மணிக்குப் போய்விடுவான் என்று சொல்லி, றாபியா பாதித் தேத்தண்ணியோடு எழும்பினார்.