கடைசிப் பெயர் போகும்வரை

படம் முழுக்க முடியமுதல் எழும்புகிறவர்களைக் கண்டால் நேசமலருக்குப் பத்திக்கொண்டு வரும். இரண்டாயிரத்து எட்டில் ஒரு ஆங்கிலப் படத்துக்குப் போகமுதலே வெள்ளவத்தை நெட் கஃபேயில் தேடிப் பார்த்துவிட்டா: பெயர்கள் எல்லாம் ஓடிய பிறகு ஒரு காட்சி உண்டு. ஆனால் சனம் எழும்பினால் தியேட்டரில் படம் ஓட்டும் ஒப்பரேட்டர் படத்தை நிறுத்திவிடுவாரே. இடைவேளையில் மேலே அவரின் அறைக்கு ஏறிக் கேட்டா.

“ஆக்கள் இருந்தா ஓட்டுவன்,” என்றார் அவர்.

பெயர்கள் ஓடத் தொடங்க, சனம் எழும்பியது. கணவர் நாகேந்திரமும் எழும்பினார்.

“ஆமி செக்பொயின்றில நெரிசலாகும், வாரும்.”

“நீங்க போங்கோ. நான் இருக்கிறன்.”

தனியே இருந்தா. கடைசிப் பெயரும் போக, செத்துப்போன கதாநாயகன் திரையில் கண் திறந்தான். சத்தம் கேட்டு, வாசலில் நின்ற சனம் திரும்பி ஓடிவந்தது, எல்லாருக்கும் முன்னால் நாகேந்திரம்.