யாரிடம் கொடுக்கலாம் என்ற கட்டம்

கணக்காய்வு என்றால் கதிரை, மேசை எண்ண வருகிறார்கள் என்றுதான் நான் நம்பினேன்.

"அடுத்த கிழமை உங்களுக்குக் கணக்காய்வு சேர், ரெடியா இருங்க" என்று ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் பாடசாலை அதிபர் மேடம் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார். ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பாதையில் எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலை. காணாமல் போவதற்கு அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் தரம் நான்கின் சுவர்க்கடிகாரம், திருத்துவதற்காக என் வீட்டுக்கு வந்து, திருந்தி, வெகு காலமாக என் குசினியில் ஓடிக்கொண்டிருந்தது.

அதைக் கழற்றினேன். மனைவிக்குக் கோபம். "ஏங்க, அதப் பாத்துத்தான் நான் சோறே வடிக்கிறேன்."

"நான் உள்ள போயிட்டா ஒரு ஆளுக்குத்தானே வடிக்கணும். நேரம் பாக்கத் தேவையில்ல" என்றேன். சிரிப்பு வரவில்லை, எனக்கும்.

திங்கட்கிழமை துவாயில் சுற்றிப் பேக்கில் வைத்த கடிகாரத்துடன் அதிபர் அறையில் நின்றேன். டிக், டிக்.

"சேர், உங்க பேக் மூச்சு விடுதே?"

எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எண்ணப் போறது கதிரைய இல்ல சேர், உங்க நேரத்த. ஸ்டாஃப் ரூம்ல நேரமில்லன்னு நீங்கதானே கூடக் கத்துறது? அதான் உங்கள எடுத்தேன்."

நான் கத்தியதற்குக் காரணம் ஒரு பிள்ளை. தரம் நான்கில் என் வகுப்பு. படத்தைப் பார்த்துக் கதை சொல்வாள். எழுத்தைத் தொட்டுக் காட்டினால் வாய் மூடிக்கொள்ளும். அவளுக்கும் அவளைப் போன்ற சிலருக்கும் தனியாக ஒரு வாசிப்புப் பாடம் வைப்பதாக வாக்குக் கொடுத்து, தவணை தவணையாகத் தள்ளிக்கொண்டே வந்திருந்தேன்.

வேலை இதுதான்: அரைமணிக்கு ஒருமுறை, என்ன செய்தேன் என்று எழுத வேண்டும், வீட்டில் கொப்பி திருத்துவது உட்பட. முதல் நாளே பயம் பிடித்தது. டீ குடித்ததை 'ஆலோசனை' என்று எழுதினேன். அதிபர் பென்சிலால் வெட்டினார். "டீன்னே எழுதுங்க சேர். ஒண்ணு பொய்யின்னா மத்தத யாரு நம்புவாங்க?"

கிழமை முடிவில் இருவரும் உட்கார்ந்து கற்பித்தலை நீலத்திலும், ஆயத்தத்தையும் திருத்தலையும் பச்சையிலும், மற்றதைச் சிவப்பிலும் தீட்டினோம். என் ஓய்வுப் பாடவேளைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மதிய உணவுப் பதிவேடு, சீருடைப் பட்டியல், பாடநூல் இருப்பு. போதாததற்கு, வலயக் கல்வி அலுவலகம் வாட்ஸ்அப்பில் ஒரே பிள்ளைகளின் விபரத்தை வேறு வேறு படிவத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. தாள் எங்கும் சிவப்பு. நான் அம்மன் தேர் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"இத எழுத்துல எனக்குத் தாங்க" என்றார்.

ஒரு பக்கத்தில் எழுதினேன். ஒவ்வொரு வேலைக்கும் நேரம், தேவைதானா, சுருக்கலாமா, யாரிடம் கொடுக்கலாம் என்று கட்டங்கள். மிச்சமாகும் நேரத்தில் வாசிப்புப் பாடம். ஒரு தவணைக்கு, அதாவது மூன்று மாதத்துக்கு, பரீட்சார்த்தம். பிறகு அதே மாதிரி மறுபடி எழுதிப் பார்ப்பது. விபரங்களுக்கு ஒரே மூலத்தாள் வைத்தால் போதும் என்று அந்தத் தொல்லையைச் சுருக்கினேன். மற்ற மூன்றுக்கும் 'யாரிடம்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். அலுவலக வேலைக்கு எழுதுவினைஞர் இல்லாத பாடசாலை; மற்ற ஆசிரியர்களும் என்னைப் போலவே சிவப்பு.

அதிபர் பேனாவை எடுத்து மூன்று கட்டத்திலும் 'நான்' என்று எழுதினார்.

"மேடம், இது குறைக்கிறதில்ல, மாத்துறது."

"தெரியும் சேர். ஒரு கிளார்க் கேட்டு வலயத்துக்கு எழுதியிருக்கேன். வர்ற வரைக்கும்தானே."

அந்தத் தவணை வாசிப்புப் பாடம் நடந்தது. ஒருநாள் பாடசாலை வாசலில் நின்ற பஸ்ஸின் பலகையை அந்தப் பிள்ளை விரலால் தொட்டு, "மா... த்... த... ளை" என்றாள். நான் பஸ்ஸைத் தவறவிட்டேன், மூக்குச் சிந்திக்கொண்டிருந்தேன். தடிமன் பிடித்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன்.

தவணை முடிவில் மறுபடி எழுதினோம். என் தாளில் நீலமும் பச்சையும். பின்னேரம் நான் கிளம்பும்போதெல்லாம் அதிபர் பதிவேட்டின் மேல் குனிந்திருந்தார்.

"மேடம், உங்களுக்கும் ஒரு கணக்காய்வு வைப்பமா?"

"அத எழுத எனக்கு எங்க சேர் நேரம்?" என்று நிமிராமலே சிரித்தார்.

அடுத்த தவணை நடுவில் பிரஷர் கூடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். திரும்பி வரவில்லை, முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டார். எழுதுவினைஞர் வரவில்லை. மூத்த ஆசிரியர் என்று என்னைப் பதில் அதிபராகப் போட்டார்கள். மூன்று பதிவேடுகளும் என் மேசைக்கு வந்தன. வாசிப்புப் பாடம் நின்றுவிட்டது. அந்தப் பிள்ளை இப்போது தரம் ஐந்தில் இருக்கிறாள். இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாள்.