நாலு பேர், பதினொரு மணி

"ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ருசி பார்க்க வருகிறோம். நான்கு பேர்" என்று கல்யாணப் பெண்ணின் அப்பா செய்தி அனுப்பியிருந்தார். சமையல் காண்ட்ராக்ட் எடுக்கும் அம்மாள், "வயித்தைக் காலியா வச்சுக்கிட்டு வாங்க" என்று பதில் போட்டுவிட்டு, ஒன்பது பேருக்குச் சமைத்தாள். நாலு என்று சொன்னால் ஒன்பது பேர் வந்து நிற்பார்கள். இருபது வருஷமாகப் பார்க்கிறாளே!

பதினொன்றுக்கு, சொல்லிவைத்த மாதிரி நான்கே பேர் வந்து இறங்கினார்கள். "மிச்சத்தை யார் தலையில கட்டப்போறே?" என்று கணவர் காதைக் கடித்தார். அவளுக்கு முகம் தொங்கிப்போனது.

அரை மணியில் பாத்திரமெல்லாம் துடைத்துவைத்தது போலாகிவிட்டது. "நீங்க சொன்னீங்களேன்னு நேத்து மத்தியானத்துலேருந்து பட்டினிங்க" என்றார் பெண்ணின் அப்பா, விரலை நக்கியபடி.

அவள் கணவரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். "அவங்க தலையை எண்ணித்தான் சொல்லுவாங்க. வயித்தை நான்தான் எண்ணணும்!"