கடைத் தரையில் படுத்துப் பார்த்த டிவி

இதை எழுத வேண்டாம் என்றே பல வருஷம் இருந்தேன். சபையில் சாட்சி சொல்ல எழுந்து நிற்கும்போதெல்லாம் நாக்கு நுனிவரை வரும், அடக்கிக்கொள்வேன். பழைய டிவி வாங்கப் போன கதையை ஆண்டவர் பேரில் எப்படிச் சொல்வது என்று ஒரு கூச்சம். முன்பின் தெரியாத ஆண்கள் இருந்த கடையில் நான் செய்த காரியத்தை நினைத்து இன்னொரு கூச்சம். என் வீட்டுக்காரருக்கு மனக்கஷ்டம் வருமோ என்றும் இருந்தது. போன மாசம் அவரே, "எழுதேன், இன்னா இப்போ, எல்லாரும் அவங்கவங்க இஷ்டத்துக்குத் தப்புத் தப்பா சொல்லிட்டுத் திரியிறாங்க" என்றார். அதனால் எழுதுகிறேன். நான் எட்டாவதுவரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மெஷின் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மழைநாளில் கம்பெனிப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் விரிசல். வேலூரில் பார்த்த டாக்டர், பல மாசம் மட்டமாகப் படுத்தே இருக்க வேண்டும், தலையணையை உயர்த்தி வைக்கக்கூட கூடாது என்று சொல்லிவிட்டார். கல்யாணமாகாதவள், வேறு யார் பார்ப்பது? எங்கள் வீட்டு முன்னறையில் தாழ்வான கட்டில் போட்டுப் படுக்க வைத்தோம்.

அவள் கொயர்க்காரி, சபையின் பாடகர் குழுவில் பாடுகிறவள். ஞாயிறு ஆராதனைக்கு ஒரு நாள் போகாவிட்டால் கூட ஜுரம் வந்தவள்போல இருப்பாள். எங்கள் சபையில் மைக் பார்க்கிற தம்பி ஆராதனையைப் படம் பிடித்து, நோயாளிகள் வீட்டுக்கு டிவிடியாகக் கொடுப்பார். அதைப் பார்த்துத்தான் தங்கை முதல் மாசத்தைக் கழித்தாள். படுத்தபடியே ஆல்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல் பகுதியை, சேர்ந்து பாடுவாள். அப்புறம் எங்கள் பழைய குண்டு டிவியில் படம் சுருங்கி நடுவில் ஒரே கோடாக நின்றுவிட்டது. மெக்கானிக் பார்த்துவிட்டு, இதற்குச் செலவு பண்ணாதீங்க என்று போய்விட்டார்.

அதிலிருந்து அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாப்பாடு பாதி தட்டில் நிற்கும். குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிட்டால், "நீங்க பண்ணுங்க அக்கா. எனக்கு ஒண்ணும் வரல" என்பாள். எனக்குப் பயம் வந்தது. எலும்பு கூடிவிடும், டாக்டர் சொல்லிவிட்டார். இவள் உள்ளே உடைவதை யார் கூட்டுவது? ஈஸ்டருக்கு முந்தின பரிசுத்த வாரம் வருவதற்குள் ஒரு டிவி கொடும் ஆண்டவரே என்றுதான் என் ஜெபம்.

புதுசு வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. தட்டை டிவி வீடுகளுக்குள் நுழைந்த காலம் அது. பழைய தட்டை டிவியும் அங்கங்கே விற்பனைக்கு வர ஆரம்பித்திருந்தது. அகப்பட்டதை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் என் வீட்டுக்காரரின் வேலையைச் சொல்ல வேண்டும். அவர் தோல் ஃபேக்டரியில் தரம் பிரிக்கிறவர். பதப்படுத்தி முடித்த தோலை மேசையில் விரித்து, வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் மேலிருந்து பார்த்து, உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், கலர் ஏற்ற இறக்கம் எல்லாம் கண்டுபிடித்துத் தள்ளுகிறவர். நடுத்தோலில் ஒரு புள்ளி இருந்தாலும் அது கீழ்த்தரத்துக்குப் போய்விடும். சந்தைக்குப் போனால் கத்தரிக்காயையே அப்படிப் பார்ப்பார். டிவியை விடுவாரா?

ஆம்பூரில் ஒரு வீட்டில் பார்த்தோம், வெள்ளைத் திரையில் ஒரு மூலை மஞ்சளாக இருக்கிறது என்றார். வாணியம்பாடியில் பார்த்தோம், பின்னால் ஒயர் சொருகும் ஓட்டை ஆடுகிறது என்றார். குடியாத்தம் வரை போய் ஒன்று பார்த்தோம். கருப்புத் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி அணையாமல் எரிகிறதாம். எனக்குத் தெரியவே இல்லை. மூக்கு ஒட்டும் அளவு கிட்டப் போனால் தெரிந்தது. "ஏங்க, அவ மூக்கை வெச்சிக்கினா டிவி பாக்கப் போறா?" என்று கேட்டேன். "தெரிஞ்சே குறையை வாங்குவியா நீ?" என்றார். பஸ்ஸில் நான் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கடைசியில் வேலூரில் ஒரு கடை. மருத்துவமனைக்கு வரும் வடநாட்டுக்காரர்கள் தங்கும் லாட்ஜ்களில் மாற்றிப்போடும் டிவிகளை வாங்கி விற்பவர், ஒரு பாய். நாங்கள் எங்கள் டிவிடி பிளேயரையே துப்பட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு போயிருந்தோம். சோதிப்பதற்கென்று மைக் தம்பி ஒரு டிஸ்க் செய்து கொடுத்திருந்தார். முழுத்திரையும் வெள்ளை, பிறகு கருப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக நிற்கும். வெள்ளையில் கருப்பாகத் தெரிந்தால் செத்த புள்ளி. கருப்பில் கலராக எரிந்தால் மாட்டிக்கொண்ட புள்ளி. அந்த டிஸ்க்கின் கடைசியில் போன வாரத்து ஆராதனையும் கொஞ்சம் இருந்தது.

வீட்டுக்காரர் முதல் காரியமாக ஒரு டிவியைத் தூக்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

"இன்னா அண்ணே பண்றீங்க?" என்றார் பாய்.

"கலர் பாக்கணும்னா வெளிச்சம் வேணும் பாய்."

"இது தோல் இல்ல அண்ணே. வெளிச்சத்துல வெச்சா உங்க மூஞ்சிதான் தெரியும், அதுல எத்தினி புள்ளி இருக்குதுன்னு பாத்துக்கினு இருங்க."

உள்ளேயிருந்த ஆட்கள் சிரித்தார்கள். பாய் டிவியை உள்ளே எடுத்துப்போய் ஷட்டரைப் பாதி இறக்கினார். கருப்புத் திரை போட்டதும் ஓரங்களில் வெளிச்சம் கசிகிறதா என்பது அந்த இருட்டில்தான் தெரிந்தது. அதோடு விட்டாரா என் வீட்டுக்காரர்? தோலைக் கட்டைவிரலால் அழுத்தி மேல்தோல் சுருங்குகிறதா என்று பார்ப்பார்களே, அதேபோல் திரையில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து. நீலத்தில் அலை அலையாக ஒரு கறை எழும்பியது.

பாய் அவர் கையையே பிடித்துவிட்டார். "நல்ல டிவியை நீங்களே சாவடிச்சிருவீங்க போல. கண்ணால பாருங்க அண்ணே, கையை பாக்கெட்ல போடுங்க."

கறை மெல்ல மறைந்தது. எனக்குத்தான் வெட்கம் மறையவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்த்திருப்பார். ஒரு சின்ன டிவி தேறியது. புள்ளி இல்லை, மூலைக்கு மூலை ஒரே வெள்ளை. பின்னால் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் மூன்று ஓட்டையிலும் ஒயரைச் சொருகி, ஆட்டி ஆட்டிப் பார்த்தார். படமும் போகவில்லை, சத்தமும் கரகரக்கவில்லை. கேபிள் ஒயரும் சரி. "முதல் தரம்," என்றார், தோலைத் தட்டுவதுபோல அதன் தலையைத் தட்டி.

எனக்கு ஸ்தோத்திரம் சொல்லத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் என்னவோ உறுத்தியது. எல்லாரும் நின்றுகொண்டு பார்க்கிறோம். வீட்டில் டிவி வைக்க இடம் கட்டிலுக்கு எதிரே உள்ள உயரமான சிமெண்ட் பலகை ஒன்றுதான். தங்கை அதைத் தாழ்விலிருந்து, மல்லாந்தபடி பார்க்க வேண்டும்.

"டிவியை அந்த அலமாரி மேல வைங்க பாய்," என்றேன். ஆராதனைப் படத்தைப் போடச் சொன்னேன். வைத்தார். நான் புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒயரும் திருகாணியும் கிடந்த அந்தத் தரையில் மல்லாந்து படுத்தேன்.

"ஏய், இன்னா இது, எழுந்திரு," என்றார் வீட்டுக்காரர். ஒருவர் மயக்கமா என்று தண்ணீர் எடுக்கப் போனார்.

நான் திரையைப் பார்த்தேன். போதகரின் முகம் கரிக்கட்டையாக இருந்தது. வெள்ளை அங்கி சாம்பலாக, தலைமுடி வெளுப்பாக, போட்டோ ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் எப்படியோ அப்படி. எழுந்து நின்றேன், எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி படுத்தேன், மறுபடி கரி.

"நீங்களும் படுத்துப் பாருங்க."

"நானா?"

"அவ நின்னுக்கினா பாக்கப் போறா? படுங்க."

அவர் படுக்கவில்லை, குந்தினார். குந்தினதே போதுமாக இருந்தது. முகம் சுருங்கிவிட்டது. டிவியை முன்பக்கம் சாய்த்து வைப்போம் என்றார். அதன் கால் சாயாது, கட்டை கொடுத்தால் கட்டில் மேல்தான் விழும் என்றார் பாய். "சின்ன டிவில இந்தக் கண்ணாடிதான் வரும்மா. நேரா பாத்தா நல்லா இருக்கும், கீழ இருந்து பாத்தா கருத்துடும். அப்பவே சொல்லியிருந்தா வேற காமிச்சிருப்பேன். அதோ அது எங்கேருந்து பாத்தாலும் ஒண்ணுதான்."

அவர் காட்டியது, வீட்டுக்காரர் முதலிலேயே ஒதுக்கித் தள்ளியது. திரையின் இடதுபக்கம் நாலைந்து புள்ளிகள் ஒட்டினாற்போல் செத்து, வெள்ளையில் எள்ளில் பாதி அளவுக்கு ஒரு கருப்பு. கீழ்மூலை லேசாக மஞ்சள். பின்பக்கத்தில் படத்துக்கான மஞ்சள் ஓட்டை வேலை செய்யவில்லை. பக்கவாட்டில் இருந்த இன்னொரு வரிசையில் சொருகினால், லாட்ஜ்காரர்கள் பூட்டி வைத்திருந்ததால் படம் அதற்கு மாறவில்லை. பாய் டிவியின் பொத்தானையும் ரிமோட்டையும் சேர்த்து அழுத்தி அந்தப் பூட்டை எடுத்துவிட்டார். படம் வந்தது. நான் மூன்றாம் முறையாகத் தரையில் படுத்தேன். போதகர் போதகராகவே இருந்தார்.

"இது போதும்," என்றேன்.

"நெஞ்சுல குத்து பட்ட மாதிரி இருக்குது, பாத்தியா? நான் தோல்ல தள்ளுற சரக்கு இது."

"உங்க கண்ணுக்கா வாங்குறோம்? சொல்லுங்க, உங்க கண்ணுக்கா?" கடைக்குள்ளேயே என் குரல் உயர்ந்துவிட்டது. இத்தனை வாரம் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கின எரிச்சல் எல்லாம் அதில் இருந்தது. அவர் பாயிடம் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, துப்பட்டியை எடுத்து டிவிடி பிளேயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்து பலகைமேல் வைத்து, ஆராதனையைப் போட்டோம். தங்கை உடனே திரும்பவில்லை. பாமாலையின் இரண்டாவது அடி வந்தபோது திரும்பினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அக்கா, ஐயரு அங்கில எறும்பு ஏறுது." போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம்.

"பாத்தியா?" என்றார் வீட்டுக்காரர் என்னிடம்.

"அது டிவில இருக்குற புள்ளிம்மா. நகராது," என்றேன்.

"ஐயரு நகர்றாரே. இப்ப தோள்ல இருந்தது காதுக்குப் போயிடுச்சி." அவள் வாய்விட்டுச் சிரித்தாள். முதுகு வலிக்குது, சிரிக்க வெக்காதீங்க என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வீட்டுக்காரர் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, அவரும் சிரித்தார். அடுத்த பாட்டுக்கு ஆல்டோ கேட்டது, மெதுவாக. புனித வெள்ளி ஆராதனையை அவள் மறுநாள் அந்தத் திரையில் முழுதும் பார்த்தாள். அன்று இரவு ஜெபத்தை அவளே ஏறெடுத்தாள்.

அவள் எழுந்து நடக்க அதற்குப் பிறகும் பல மாசம் ஆனது. பெல்ட் கட்டி, சுவரைப் பிடித்து, டாக்டர் சொன்னபடிதான் நடந்தாள். ஆனால் சபை ஐக்கியத்தில் சிலர், டிவியில் ஜெபம் கேட்டதும் கட்டிலிலிருந்து குதித்து எழுந்தாள் என்று சொல்கிறார்கள். வெளியூர்க் கூட்டத்தில் ஒருவர் அந்தக் கருப்புப் புள்ளியே தானாக மறைந்தது என்று என் காதுபடச் சொன்னார். டிவி ஓய்ந்துபோன நாள்வரை அது அதே இடத்தில் இருந்தது, நான் தினமும் துணி போட்டுத் துடைத்திருக்கிறேன். என் ஆண்டவருக்கு இட்டுக்கட்டின மகிமை தேவையில்லை. சுவரைப் பார்த்திருந்தவளை அவர் திரும்ப வைத்தார், எனக்கு அது போதும். ஆகவே இதை வாசிக்கிறவர்கள் மற்றவர்களுக்குச் சொல்வதானால் நடந்தபடியே சொல்லுங்கள். புள்ளியை எடுத்துவிடாதீர்கள், நான் தரையில் படுத்ததையும் விட்டுவிடாதீர்கள்.