தப்பு என்மேலதான்

போன வருடம் ஐப்பசி மழையில், பழனிசெட்டிபட்டியில் எங்கள் வீட்டு அடுப்படியில் நடந்தது இது. எனக்கு வயது நாற்பத்தாறு. கணவர் லாரியில் கேரளத்துக்குச் சரக்கு ஏற்றிப் போனால் திரும்ப நாலு நாளாகும். ஒரே மகன் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டான். மதியம் இரண்டு மணிக்கு வீட்டில் மிக்ஸியை அணைத்தால் அப்புறம் சத்தமே கிடையாது.

மகனோடு பேச ஒரு சாக்கு கிடைக்குமே என்று, அவன் விளையாடும் செல்போன் விளையாட்டில் நானும் சேர்ந்தேன். நாலு பேர் ஒரு அணியாகத் தீவில் குதித்து, சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்குள் கடைசிவரை சாகாமல் இருக்க வேண்டும். அவன் பத்தே நாளில் விட்டுவிட்டான். பாழாய்ப்போன என்னால் விட முடியவில்லை.

அதற்குள் எனக்கு மூன்று கூட்டாளிகள் கிடைத்திருந்தார்கள். கம்பத்தில் ஒரு மோட்டார் மெக்கானிக், குமுளியில் ஓர் ஆட்டோக்காரர், மேகமலை எஸ்டேட்டில் ஒரு கணக்குப்பிள்ளை. சாப்பாட்டு நேரத்தில் ஒரு மணி நேரம் விளையாடுவோம். அவர்கள் மைக்கில் பேசுவார்கள், நான் எழுத்தில் மட்டும். மகன் வைத்த ஆம்பளைப் பெயரிலேயே விளையாடியதால் என்னை 'அண்ணே' என்றார்கள். நானும் திருத்தவில்லை. ஒரு பொம்பளை என்று தெரிந்தால் எழுந்து போய்விடுவார்களோ என்று பயம்.

முக்கால்வாசி தோற்போம். ஆனால் தோற்று லாபிக்கு, அதாவது நாலு பேரும் அடுத்த ஆட்டத்துக்குக் காத்து நிற்கும் இடத்துக்கு, வந்ததும் ஒரு போட்டி நடக்கும். யார் முதலில் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வது என்று.

"தப்பு எம்மேலதாண்ணே. எதிரின்னு நெனச்சு ஒரு தென்னமரத்தோட அர நிமிசம் சண்ட போட்டேன்" என்பார் மெக்கானிக்.

"ஞான் குதிச்சதே தப்பு. அந்தப் பாராசூட்டுலயே வீட்டுக்குப் போயிருக்கணும்" என்பார் குமுளிக்காரர்.

அவனவன் தன் தப்பைச் சொன்ன பிறகுதான் மற்றவர் அதை வைத்துக் கிண்டலடிக்கலாம். யாரும் சட்டம் போடவில்லை, பழக்கத்தில் வந்தது. சிரித்து முடித்ததும் நாலு பேரும் 'ரெடி'யை அழுத்துவோம், அடுத்த ஆட்டம் தொடங்கிவிடும்.

ஒரு நாள் காலை மகன் போனில், "தீபாவளிக்கு வரலம்மா" என்றிருந்தான். மதிய ஆட்டத்தில் அதிசயமாகக் கடைசி வட்டம் வரை போனோம். எதிரணியில் இரண்டே பேர். நான் குண்டடிபட்டு விழுந்தேன். கணக்குப்பிள்ளை ஓடிவந்து பக்கத்தில் குனிந்தார். சில விநாடி அப்படியே இருந்தால் என்னை எழுப்பிவிடலாம். பாதியிலேயே அவருக்கு நெட் போய், அவருடைய உருவம் சிலையாக நின்றது. எதிரிகள் எங்கள் எல்லோரையும் முடித்துவிட்டார்கள்.

லாபிக்கு வந்ததும், யாரும் வாய் திறக்குமுன் நான் எழுதினேன்: "உங்களாலதான் தோத்தோம். சிக்னல் இல்லாத ஊர்ல இருந்துக்கிட்டு எதுக்கு விளையாட வர்றீக?"

"சரிதாண்ணே, மன்னிச்சுக்கங்க" என்றார் கணக்குப்பிள்ளை. அவர் இடம் காலியாகிவிட்டது.

மெக்கானிக் எனக்குத் தனியாக எழுதினார்: "என்னண்ணே இப்பிடிச் சொல்லிப்புட்டீக? அவரு வீட்டுல சிக்னல் கெடையாது. சோத்தத் தின்னுட்டு, கொடையப் பிடிச்சுக்கிட்டு மேட்டுல போயி நிக்கிறாரு. பொண்டாட்டி பிள்ளைக படிப்புக்காகச் சின்னமனூர்ல இருக்காக. நம்மகூடப் பேசத்தாண்ணே வர்றாரு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நான் எதற்கு வருகிறேனோ, அதற்குத்தானே அந்த மனுஷனும் வந்திருக்கிறார்! ஒன்பது நாள் அவர் ஆட வரவே இல்லை, அவர் பெயர் சாம்பல் நிறத்திலேயே கிடந்தது. மூன்று பேராக விளையாடினோம். தோற்றால் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

பத்தாம் நாள் பெயர் பச்சையானது. உடனே அழைப்பு அனுப்பினேன், வந்தார். முதல் நிமிடத்திலேயே எல்லோரும் செத்தோம். லாபியில் அவர் பேசவும் இல்லை, 'ரெடி' அழுத்தவும் இல்லை. போனால் போகிறது என்று, முதல்முறையாக நான் மைக்கைத் திறந்தேன்.

"தப்பு எம்மேலதான். அடுப்புல பால வச்சிட்டு ஆட வந்தேன். பொங்கிருச்சுன்னு ஓடி, அணைச்சுட்டு வந்து பாத்தா நான் செத்துக் கெடக்கேன். அன்னைக்கு உங்க நெட்டு போனதுக்கும் நாந்தான் காரணம். மலைக்கு மேகத்த அனுப்பிவிட்டதே நாந்தேன்."



"ஆத்தாடி! அண்ணேன்னு கூப்பிட்டது ஒரு அக்காவையா?" என்றார் மெக்கானிக்.

அப்புறம்தான் மலைக்குரல் மழைச் சத்தத்தோடு வந்தது. "பால் பொங்குனா நல்லதாச்சே அக்கா? நாம செயிச்சில்ல இருக்கணும்?"

அவர் பெயருக்குக் கீழே 'ரெடி' விழுந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தேன்.

முதலிடம் இன்றுவரை வரவில்லை. போனை வைத்ததும் வீடு பழையபடி வெறிச்சென்றுதான் இருக்கிறது. ஆனால் மகன் கூப்பிட்டு, "இந்த வாரமும் வர முடியலம்மா" என்றால், முன்பு மாதிரி "உனக்கு எங்க நெனப்பு எங்க இருக்கு" என்று நான் குத்துவதில்லை. "தப்பு எம்மேலதான்டா, உனக்குக் கறிக்கொழம்பு வைக்கக் கத்துக்குடுத்துட்டேன்ல, இனி எதுக்கு வருவ?" என்கிறேன். அவன் சிரிக்கிறான், இரண்டே நிமிடத்தில் முடிகிற பேச்சு இப்போது பத்து நிமிடம் போகிறது. அந்தப் பத்து நிமிடத்துக்காக எத்தனை ஆட்டம் வேண்டுமானாலும் தோற்கலாம் என்றிருக்கிறது எனக்கு.