பதிவை நிறுத்தச் சொன்ன விருந்தினர்

கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் அவளைப் 'பூனை' என்றுதான் கூப்பிடுவார்கள். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. அப்படிப்பட்டவள் பாட்காஸ்ட் நடத்துகிறாள் என்று தெரிந்தபோது கணக்குப் பிரிவில் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"கேக்குறது நாப்பது பேர். அதுல பாதி நம்ம சொந்தக்காரங்க," என்று அவள் கணவனும் கிண்டல் செய்வான். அதற்காக மைக் வயரைச் சுருட்டித் தராமல் இருந்ததில்லை.

கட்டடங்கள் ஏன் நிற்கின்றன என்று தெரிந்துகொள்ள அவளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் டிப்ளமோ படித்தவள் சும்மா போய்ப் பெரிய பொறியாளர்களின் கதவைத் தட்ட முடியுமா? 'உங்களைப் பேட்டி எடுக்கணும்' என்றால் தட்டலாம். முதலில் மண் பரிசோதனைக்காரர் ஒருவர் வந்தார். முடிவில், "அடுத்து யார்கிட்ட பேசலாம் சார்?" என்று கேட்டாள். விரிசல் விட்ட கட்டடங்களை ஆய்வு செய்யும் அம்மாளின் பேரைச் சொல்லி, அவரே அறிமுகமும் செய்துவைத்தார். அந்த அம்மாள் எழுதிய கட்டுரைகளை அவள் வரி விடாமல் படித்திருந்தாள். அதில் ஒன்றைக் குறிப்பிட்டு, முக்கால் மணி நேரம் போதும், வேண்டாததை வெளியிடும் முன்பே நீக்கிவிடலாம் என்று எட்டு வரியில் மின்னஞ்சல் அனுப்பினாள். மறுநாளே பதில் வந்தது: 'வாங்க.'

அன்றிலிருந்து ஒரு கேள்வியை எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தாள். காரணம் மைக் பயம் மட்டுமல்ல.

போன மாதம் முதலாளி அவள் மேசைக்கு வந்து, "கார் பார்க்கிங்ல தலை இடிக்குமாம். அந்த பீம் ரொம்பக் கீழ இறங்குது, அதோட உயரத்தைக் குறைச்சிடு," என்றார். குறைத்தாள். அந்த பீமின் நடுவிலிருந்துதான் மேல் மாடிகளுக்கான தூண் ஒன்று கிளம்புகிறது; அதற்குக் கீழே தூண் கிடையாது. "தூணைத் தாங்குமான்னு கணக்கு மறுபடி பாத்தாச்சா சார்?" என்று கேட்காமலே கோப்பைச் சேமித்தாள்.

அம்மாளின் அறையில் ஏசியை அணைத்தாள், கைப்பேசியை ஊமையாக்கினாள், ரெக்கார்டர் ஒன்று காலை வாரினால் இருக்கட்டும் என்று இரண்டாவதையும் வைத்தாள். ஒலியளவு பார்க்க, "காலைல என்ன சாப்பிட்டீங்க மேடம்?" என்றாள். "அவசரம்," என்றார் அம்மாள். இருவரும் சிரித்தார்கள்.

பேட்டி நன்றாகவே போனது. இருபது நிமிடம் கழித்து, அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"பொதுவா கேக்குறேன் மேடம். மேல தூணைத் தாங்குற பீமோட உயரத்தை, வரைபடத்துல மட்டும் குறைச்சா..."

அம்மாள் ரெக்கார்டரைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"பதிவை நிறுத்துங்க."

இரண்டையும் நிறுத்தினாள். பேட்டி என்ற பெயரில் ஓசியில் ஆலோசனை கேட்க வந்தவள் என்று திட்டப்போகிறார், முதலாளிக்கும் போன் போகும், வேலை போய்விடும் என்று நினைத்தாள்.

"பொதுவா யாரும் இப்படிக் கேக்க மாட்டாங்க. அது எந்தக் கட்டடம்? ஆள் குடியிருக்காங்களா?"

"இல்ல மேடம். இன்னும் கட்டிட்டிருக்காங்க."

"கான்கிரீட் போட்டப்ப வச்ச முட்டு இன்னும் பீமுக்குக் கீழ இருக்கா?"

"இந்த வாரம் எடுக்கப்போறாங்க."

"எடுக்க வேண்டாம்னு சொல்லுங்க. கணக்கைத் திரும்பப் போடச் சொல்லுங்க. சரியா இருந்தா ரொம்ப நல்லது. வரைபடத்தைப் பாக்காம நான் தீர்ப்பு சொல்ல முடியாது. உங்க முதலாளி அனுப்பினா பாக்குறேன்."

"என்னால பேச முடியாது மேடம். பயமா இருக்கு."

"என்கிட்ட பேசினீங்கல்ல?"

"அது... பேட்டிங்கிறதால."

அம்மாள் அணைந்திருந்த ரெக்கார்டரை அவள் பக்கம் தள்ளினார். "சரி. உங்க முதலாளியையும் பேட்டி எடுக்கப் போறதா நினைச்சு, ஒரு கேள்வி கேளுங்க. இத வெளியிடாதீங்க."

அலுவலகம் திரும்பும் வழியெல்லாம் கேள்வியைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். முதலாளியின் கதவில் கை வைத்து இரண்டு முறை இறக்கினாள். மூன்றாம் முறை உள்ளே போய்விட்டாள்.

"சார், பீமைக் குறைச்சப்புறம் கணக்கு யார் போட்டாங்க?"

முதலாளியின் முகம் கருத்தது. "உனக்கு எதுக்கு அதெல்லாம்?"

"வரைஞ்சது நான் சார். முட்டு எடுக்குறதுக்குள்ள ஒரு தடவை பாத்துடுங்க." குரல் கீச்சென்று வந்தது. ஆனால் வந்தது.

அவர் வெளியே போகச் சொன்னார். மாலை வரை கதவு திறக்கவில்லை. நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தவளுக்கு, கடைசியில் உள்ளிருந்து அவர் சைட் மேஸ்திரியிடம் போனில் சொன்னது கேட்டது. "முட்டுல கை வைக்காதீங்க. ஒண்ணைக்கூட."

மறுகணக்கில் பீம் தாங்காது என்று தெரிந்து, அதற்கு அடியில் புதிதாக ஒரு தூண் எழுந்தது. ஒரு காருக்கு இடம் போய்விட்டதென்று கட்டடத்தின் சொந்தக்காரர் குதித்தார். முதலாளி இரண்டு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் திருத்த வேலை எது வந்தாலும் இப்போது கணக்குத் தாளோடு சேர்த்தே அவள் மேசைக்கு வருகிறது.

அந்தக் கேள்வி மட்டும் இல்லாமல் பேட்டி வெளியானது. கேட்டவர்கள் ஐம்பத்திரண்டு பேர்.